கதவில் 230, கடையில் 33, வீட்டில் 2.06: டயர் காற்றழுத்தக் கணக்கைச் சரிபார்க்கும் முறை

யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்த ஒரு காலையில், அத்தான் காரின் முன்சக்கரத்தருகே குந்தியபடி என்னைக் கூப்பிட்டார். கையில் புதிதாக வாங்கிய டிஜிட்டல் அழுத்தமானி. "தம்பி, நேற்றுத்தான் கடையில் 33 அடித்தேன். இன்றைக்கு இது 2.06 என்கிறது. கதவில் 230 என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?" என்று கேட்டார்.

கார் ஜப்பானில் ஓடிவிட்டு இலங்கைக்கு வந்தது. அதன் கையேடு முழுவதும் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. ஆகவே அவருக்குக் கையேடாக இருப்பது சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஒட்டுத்தாள் மட்டும்தான். இங்கே ஓடும் ஆயிரக்கணக்கான கார்களின் நிலையும் இதுவே. ஒட்டுத்தாள் கிலோபாஸ்கலில் பேசுகிறது, டயர் கடை பிஎஸ்ஐயில் பேசுகிறது, கடையில் வாங்கும் மானி பாரில் பேசுகிறது. மூன்றும் முரண்படுவதாகத் தோன்றும்போது பலர் கடைக்காரரின் எண்ணையே நம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்; அத்தானின் காரை வைத்தே முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் எல்லாவற்றையும் கிலோபாஸ்கலுக்குக் கொண்டுவாருங்கள்

எந்த அலகில் ஒப்பிடுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கிலோபாஸ்கலையே எடுங்கள் என்பேன். ஒட்டுத்தாளில் இருப்பது அதுதான். மற்றவை அதிலிருந்து மாற்றி எழுதப்பட்டவை. அத்துடன் பாரும் கிலோபாஸ்கலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரு பார் என்பது மிகச் சரியாக 100 கிலோபாஸ்கல். புள்ளியை இரண்டு இடம் நகர்த்தினால் முடிந்தது: 2.06 பார் என்றால் 206 கிலோபாஸ்கல், 230 கிலோபாஸ்கல் என்றால் 2.3 பார். இங்கே தவறு நேர வழியே இல்லை.

சிக்கல் பிஎஸ்ஐயில்தான் இருக்கிறது. அது ஒரு சதுர அங்குலத்தின்மேல் எத்தனை பவுண்டு விசை அழுத்துகிறது என்ற கணக்கு. மெட்ரிக் அளவுகளோடு அது முழு எண்ணில் ஒருபோதும் பொருந்தாது.

```
kPa = psi × 6.895
psi = kPa × 0.145
psi = bar × 14.5
```

காரின் அருகே நின்றுகொண்டு 6.895 ஆல் யாரும் பெருக்கப் போவதில்லை. நான் பயன்படுத்தும் மனக்கணக்கு இது. பிஎஸ்ஐயைக் கிலோபாஸ்கலாக்க 7 ஆல் பெருக்கி, பிஎஸ்ஐ எண்ணின் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 33 பெருக்கல் 7 என்பது 231, அதில் 3.3 கழித்தால் 227.7. சரியான விடை 227.5. மறுபக்கம், கிலோபாஸ்கலைப் பிஎஸ்ஐயாக்க 7 ஆல் வகுத்து, அரை கூட்டுங்கள். 230 ஐ 7 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 32.9, அரை கூட்டினால் 33.4. சரியான விடையும் அதுவே. கார் டயர்கள் வழக்கமாக நிற்கும் 200 முதல் 250 கிலோபாஸ்கல் வரையான எல்லைக்குள் இந்த 'அரை' பிசகாது. 420 கிலோபாஸ்கல் கேட்கும் மெல்லிய உதிரிச் சக்கரத்துக்கு மட்டும் அரைக்குப் பதிலாக ஒன்றைக் கூட்ட வேண்டும்.

மனக்கணக்கும் வேண்டாம் என்றால் இந்த ஆறு வரிகளை எழுதிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

```
200 kPa = 2.0 bar = 29.0 psi
210 kPa = 2.1 bar = 30.5 psi
220 kPa = 2.2 bar = 31.9 psi
230 kPa = 2.3 bar = 33.4 psi
240 kPa = 2.4 bar = 34.8 psi
250 kPa = 2.5 bar = 36.3 psi
```

இந்த வரிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 230 கிலோபாஸ்கலுக்கு எதிரே 33 இல்லை, 33.4 இருக்கிறது. பல கையேடுகளில் இரண்டையும் அருகருகே அச்சிடும்போது 33 என்று சுருக்கிவிடுகிறார்கள். அந்த 33 ஐத் திரும்ப மாற்றினால் 227.5 தான் வரும். ஆக, ஒரே கையேட்டின் ஒரே வரியிலேயே இரண்டரை கிலோபாஸ்கல் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. இது யாருடைய பிழையும் அன்று, முழு எண்ணாக்கியதன் விளைவு. அரை பிஎஸ்ஐக்குள் அடங்கும் எந்த முரண்பாட்டையும் இந்தக் கணக்கில் எழுதிவிட்டு அப்பால் போகலாம். கடையில் முழு எண்தான் கேட்க முடியும் என்றால், 33.4 க்கு 34 என்று சொல்வதே என் பழக்கம். டயரின் ஓரங்கள் தேய்வதற்கும், பக்கச்சுவர் அதிகம் மடங்கிச் சூடாவதற்கும் காரணம் காற்றுக் குறைவுதான். அரை பிஎஸ்ஐ கூடினால் டயருக்கு ஒன்றும் ஆகாது.

மானியில் இருப்பது உண்மையில் பார்தானா?

ஜப்பானிய ஒட்டுத்தாளில் 230 க்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 2.3 என்று இன்னோர் எண் இருக்கும். பலர் அதைப் பார் என்று நினைக்கிறார்கள். அது பார் அன்று. ஒரு சதுர சென்ரிமீட்டரில் எத்தனை கிலோகிராம் விசை என்ற பழைய அலகு அது. தாளிலும் மானியிலும் `kgf/cm²` அல்லது `kg/cm²` என்று எழுதியிருக்கும். ஜப்பான் 1992 இல் இயற்றிய அளவீட்டுச் சட்டத்தின்படி இந்த அலகுக்குக் கொடுத்திருந்த அவகாசம் 1999 செப்டம்பருடன் முடிந்தது. ஆனாலும் கடைக்காரர்களின் கைப்பழக்கத்துக்காக ஒட்டுத்தாள்களில் அது பக்கத்து அடைப்பில் தங்கிவிட்டது.

அந்த அலகின் ஒன்று 98 கிலோபாஸ்கல், 100 அன்று. ஆகவே மானி கிலோ அலகில் 2.3 காட்டினால் டயரில் உண்மையில் 225.5 கிலோபாஸ்கல், அதாவது 32.7 பிஎஸ்ஐ இருக்கிறது. பாரில் 2.3 காட்டினால் 33.4. வித்தியாசம் முக்கால் பிஎஸ்ஐகூட இல்லை. தனியாக வந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் மற்றப் பிழைகளோடு சேர்ந்து வரும்போது கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று தலையைச் சொறிய வைப்பது இதுதான்.

டிஜிட்டல் மானியில் அலகின் எழுத்து திரையின் ஓரத்தில் பொடியாகத் தெரியும். பொத்தானை அழுத்த அழுத்த `psi`, `bar`, `kPa`, `kg/cm²` என்று மாறிக்கொண்டே போகும். எண்ணின் தோற்றமே பாதி விடையைச் சொல்லிவிடும்: முப்பதுகளில் இருந்தால் பிஎஸ்ஐ, இருநூறுகளில் இருந்தால் கிலோபாஸ்கல். 2 இல் தொடங்கிப் புள்ளியோடு வந்தால் மட்டும் அது பாரா, கிலோவா என்று அந்தப் பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படியுங்கள்.

முள் உள்ள வட்ட மானியில் இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. அதன் முகத்தில் பெரும்பாலும் வெளிவட்டத்தில் பிஎஸ்ஐயும் உள்வட்டத்தில் மற்றதும் இருக்கும். உள்வட்டத்தில் 4 என்ற எண்ணைப் பிடித்து, அதற்கு நேர் எதிரே வெளிவட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 58 இருந்தால் அது பார். 57 க்குச் சற்றுக் கீழே இருந்தால் அது கிலோ. எழுத்து அழிந்துபோன பழைய மானியிலும் இந்தச் சோதனை செல்லும்.

அதே வட்ட மானியில் பெரிய தவறு நடப்பது வேறோர் இடத்தில். 2 க்கும் 3 க்கும் இடையே உள்ள கோடுகளை எண்ணிப் பாருங்கள். சில மானிகளில் அந்த இடைவெளி பத்துப் பங்காகவும், சிலவற்றில் ஐந்து பங்காகவும் பிரிக்கப்பட்டிருக்கும். ஐந்தாகப் பிரித்ததில் ஒவ்வொரு கோடும் 0.2. இரண்டாவது கோட்டில் முள் நிற்பதைப் பார்த்து 2.2 என்று சொல்பவர் உண்மையில் 2.4 ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது 20 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ பிழை. அலகு மாற்றும் கணக்கை எவ்வளவு சரியாகப் போட்டாலும் இந்தப் பிழையிலிருந்து அது காப்பாற்றாது.

டயர் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா?

அத்தானின் கேள்விக்குத் திரும்புவோம். கிலோபாஸ்கலில் எழுதினால் ஒட்டுத்தாள் 230, கடை 227.5, வீடு 206. அலகுச் சிக்கல் இத்துடன் தீர்ந்துவிட்டது. ஒட்டுத்தாளுக்கும் கடைக்கும் இடையே இருப்பது வெறும் முழு எண்ணாக்கம். ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் இடையே 21 கிலோபாஸ்கல் இருக்கிறது. அதை எந்தப் பெருக்கலும் விளக்காது.

நான் இரண்டு கேள்விகள் கேட்டேன். எப்போது அடித்தீர்கள்? பருத்தித்துறையிலிருந்து திரும்பும் வழியில், மதியம் இரண்டு மணிக்கு. எவ்வளவு தூரம் ஓடியிருந்தது? ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒட்டுத்தாளிலும் கையேட்டிலும் உள்ள எண் எப்போதும் குளிர்ந்த டயருக்கானது. கார் குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடும்போது டயர் மடங்கி நிமிர்ந்து உள்ளே உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று அதே இடத்துக்குள் அதிகமாக அழுத்துகிறது. ஆகவே சூடான டயரில் 33 காட்டும்வரை அடித்தால், அது குளிரும்போது 33 ஆக இருக்காது.

எவ்வளவு குறையும் என்று கணக்கிட ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மானி காட்டுவது டயரின் முழு அழுத்தத்தை அன்று. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. வெப்பக் கணக்குக்கு முழு அழுத்தம் தேவை, அதனால் வெளிக்காற்றின் 101 கிலோபாஸ்கலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வெப்பநிலையையும் செல்சியஸில் வைக்காமல் 273 ஐக் கூட்டிக் கெல்வினில் வைக்க வேண்டும்.

மதியம் நிழலில் 33 பாகை இருந்தது. ஓட்டத்தின் சூட்டையும் சேர்த்து டயருக்குள் 45 பாகை என்று மதிப்பிட்டேன். காலையில் 26 பாகை.

```
227.5 + 101.3 = 328.8
328.8 × (273 + 26) / (273 + 45) = 309.2
309.2 − 101.3 = 207.9 kPa
```

கடையில் அடித்த அதே காற்று, ஒரு துளிகூட வெளியேறாமல், காலையில் 208 கிலோபாஸ்கலாகத்தான் இருக்க வேண்டும். வீட்டு மானி 206 என்றது. மீதி 2 கிலோபாஸ்கல் இரு மானிகளுக்கும் இடையேயான பிழைக்கு விட்டுவிடலாம். 45 என்பதும் என் மதிப்பீடுதானே. கடைக்காரர் ஏமாற்றவில்லை, மானி பொய் சொல்லவில்லை, அத்தானின் கணக்கும் தவறவில்லை. ஆனால் கார் இரவிலிருந்து 24 கிலோபாஸ்கல் குறைவாக நின்றுகொண்டிருந்தது.

காற்றுக் கசிவு இருக்காதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நான்கு சக்கரங்களையும் அளக்க வேண்டும். கடையில் நான்குக்கும் 33 தான் அடித்திருந்தார்கள். காலையில் நான்கும் 2.05 க்கும் 2.07 க்கும் இடையே நின்றன. ஆணி குத்தியிருந்தால் ஒரு சக்கரம் மட்டும் தனித்து இறங்கியிருக்கும். நான்கும் ஒரே அளவு இறங்கினால் காரணம் வெப்பம், இல்லையென்றால் மானி.

ஒவ்வொரு முறையும் இந்த நீளக் கணக்கைப் போடத் தேவையில்லை. கார் டயரில் 10 பாகை வெப்பம் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 11 கிலோபாஸ்கல் மாறும், பாரில் 0.11, பிஎஸ்ஐயில் ஒன்றரைக்குச் சற்று மேல். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

வழியில் சூடாக இருக்கும்போதே அடித்தாக வேண்டிய நிலை வந்தால், ஒட்டுத்தாளின் எண்ணோடு 30 கிலோபாஸ்கல், அதாவது 0.3 பார் அல்லது சுமார் 4 பிஎஸ்ஐ கூட்டி அடியுங்கள். அத்தான் அன்று 33 க்குப் பதிலாக 37 அல்லது 38 கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை குளிர்ந்தபின் அளந்து திருத்திக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறான செயலை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: நெடுந்தூரம் ஓடிய டயரில் 38 காட்டுகிறது என்று பயந்து காற்றைத் திறந்துவிட்டு 33 க்கு இறக்குவது. ஊர் போய்ச் சேர்ந்து டயர் ஆறியதும் அது 29, 30 இல் நிற்கும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட 20 கிலோபாஸ்கல் குறைவு. மானி வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அளப்பதால், அதே டயர் அங்கே 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் அங்கே குளிரும் 15 பாகை அதிகம். அது இரண்டரை பிஎஸ்ஐயை இழுத்துக்கொள்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சமன்செய்துவிடும். இரண்டு நாள் பயணத்துக்காக எதையும் மாற்ற வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒத்துவரவில்லையா? அப்போது மானியைச் சந்தேகியுங்கள்

மானியைக் குறை சொல்வதை நான் கடைசியில் வைத்திருக்கிறேன். அலகையும் வெப்பத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மானியின் கணக்கு.

டயரில் பொருத்தாமல் வெறுங்கையில் பிடித்துப் பாருங்கள். முள் பூச்சியத்தில் படுக்க வேண்டும். திரை 0 காட்ட வேண்டும். கீழே விழுந்த வட்ட மானியின் முள் 2 இல் நின்றால், எல்லா அளவுகளிலும் அந்த 2 ஏறிவர வாய்ப்பு உண்டு. பிறகு ஒரே டயரில் மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே எண்ணுக்கு அருகில் வந்தால் மானி நிலையாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால், பெரும்பாலும் வால்வில் மானியின் வாய் சரியாக உட்காரவில்லை. சீறல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது காட்டும் எண் எப்போதும் குறைவாகவே இருக்கும். நேராக, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சத்தம் நின்றபின் படியுங்கள்.

இன்னொரு மானியோடு ஒப்பிடுவதானால் இரண்டையும் ஒரே டயரில், ஒரே நிமிடத்தில், குளிர்ந்த நிலையில் பொருத்துங்கள். வித்தியாசம் 10 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் மூன்றாவது மானி வேண்டும். இரண்டு மானிகள் முரண்படும்போது எது சரி என்று அந்த இரண்டை வைத்துச் சொல்ல முடியாது.

கணக்கு எல்லாம் சரியாக இருந்தும் தவறான எண்ணை நோக்கி அடிப்பவர்களும் உண்டு. டயரின் பக்கச்சுவரில் `MAX PRESS` என்ற எழுத்துக்குப் பின்னால் 300 அல்லது 350 கிலோபாஸ்கல் என்று பொறித்திருக்கும். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காரின் எடைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை டயர் அறியாது, கதவுத் தூணின் ஒட்டுத்தாள்தான் அறியும். ஒட்டுத்தாளில் அழுத்தத்தின் பக்கத்தில் டயரின் அளவும் எழுதியிருக்கும். உங்கள் சக்கரத்தில் உள்ள அளவு அதோடு பொருந்துகிறதா என்று ஒருமுறை பாருங்கள். கைமாறி வந்த கார்களில் சக்கரங்களும் மாறியிருப்பது புதிதன்று. அளவு வேறாக இருந்தால் அந்த அழுத்தமும் அப்படியே செல்லாது.

அத்தானின் ஒட்டுத்தாளில் முன்சக்கரத்துக்கு 230, பின்சக்கரத்துக்கு 220 என்று இருந்தது. அதைக் கடையில் யாரும் கவனிக்கவில்லை. அன்று காலையே, வெயில் ஏறுமுன், சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் சிறிய பம்பால் முன்னே 2.30 உம் பின்னே 2.20 உம் அடித்தோம். பம்பின் திரை `kg/cm²` இல் இருந்ததை முதலில் `bar` க்கு மாற்றினோம். பிறகு வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அதே டயர் கடைக்கு மெதுவாக ஓட்டிப்போய், அவர்களின் மானியை முன்சக்கரத்தில் வைக்கச் சொன்னோம். முள் 34 க்குச் சற்றுக் கீழே நின்றது. 33.4 க்குப் பதிலாக 33.8 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 3 கிலோபாஸ்கல்கூட இல்லை. அத்தான் ஒட்டுத்தாளுக்குக் கீழே வெள்ளை நாடா ஒன்றை ஒட்டி, 'முன் 34, பின் 32, காலையில்' என்று பேனாவால் எழுதிவைத்தார்.